சரி என்ற ஒரே சொல்

எங்கள் ஆஸ்பத்திரியில் வாயிலிருந்து எது கோணலாக வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: குளறல். பக்கவாதத்தில் நாக்கு தடித்துப் போனவருக்கும் குளறல், சொல்லே மறந்துபோனவருக்கும் குளறல், பல்செட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தவருக்கும் குளறல். கேஸ் சீட்டில் அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பேச்சுப் பயிற்சியாளர். முன்னால் என்னை ஸ்பீச் மேடம் என்பார்கள். பின்னால் வேறு என்னவோ சொல்வார்கள். அதுவும் காதில் விழும், காதை வைத்துத்தானே பிழைக்கிறேன்.

அன்று காலை சர்ஜன் போன் செய்தார். நல்ல மனிதர், ஆனால் நின்ற இடத்தில் நிற்க மாட்டார். பேசும்போதே படி ஏறிக்கொண்டிருப்பது மூச்சில் தெரிந்தது.

"மேடம், ஆறாம் வார்டுல ஒரு அம்மா. டிரைவிங் ஸ்கூல் நடத்துறவங்க. போன வாரம் ஸ்ட்ரோக், வலது பக்கம் விழுந்துடுச்சு. சுகர் ரொம்ப வருஷமா இருக்கு. இடது கால் அழுகி மேல ஏறிட்டு வருது. முழங்காலுக்கு மேல எடுத்தாகணும். நேத்து அவங்ககிட்டயே கேட்டேன், சரின்னாங்க. இன்னிக்குத் தங்கச்சி வந்து, எங்கக்கா எதைக் கேட்டாலும் சரின்னுதான் சொல்றாங்கறாங்க."

"சீட்டுல என்ன எழுதியிருக்கு?"

"பேச்சு குளறல், புரிதல் சரி."

"யாரு எழுதினது?"

"அவரை அப்புறம் வறுத்துக்கோங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அந்த சரி சம்மதமா, இல்லையா? அவங்களுக்கு நாம சொல்றது புரியுதுன்னா முடிவு அவங்களோடது. புரியலன்னா மகன் கையெழுத்துப் போடுவாரு. பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஆனா நாளைக்குள்ள சொல்லுங்க. காய்ச்சல் ஏற ஆரம்பிச்சிடுச்சு. எடுக்கலன்னா பத்து நாள் தாங்க மாட்டாங்க."

ஆறாம் வார்டில் ஜன்னலோரக் கட்டில். திரைச்சீலையில் பாதிக் கொக்கிகள் இல்லை, அதனால் அது ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பத்தடி தூரத்திலேயே கால் இருப்பது தெரிந்தது. வெள்ளைத் துணியால் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள், ஆனாலும் வாடையை மூடுவதற்கு ஒரு துணியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அறுபதை நெருங்கும் பெண்மணி. கிராப் வெட்டிய நரைமுடி, அகன்ற தோள். இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் இவரிடம் திட்டு வாங்கியவர்கள் என்று தலைமை நர்ஸ் சொன்னார். அவரும் வாங்கியவர்தான். "கிளட்சை மிதின்னா எறும்பை மிதிக்கிற மாதிரி மிதிக்கிறியேன்னு கேட்பாங்க மேடம். எனக்கு அழுகையே வந்துடும். ஆனா இன்னிக்கு வரைக்கும் வண்டியில ஒரு கீறல் இல்ல." வார்டில் எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

கட்டிலின் இடப்பக்கம் ஸ்டூலில் தங்கை. வலப்பக்கம் மகன். முப்பது வயது இருக்கும், அதே டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன். அம்மாவின் செத்துப்போன வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு நின்றான்.

"எங்கம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல மேடம்" என்றான். "என்னையே தெரியல. அம்மா அம்மான்னு கூப்பிடுறேன், சித்தி பக்கமே பார்த்துட்டு இருக்காங்க."

"தெரியாம என்னடா" என்றாள் சித்தி. "நான் பேசினா கண்ணு கலங்குது. வாய்தான் வரமாட்டேங்குது."

வீட்டுக்கு வீடு இந்தச் சண்டை உண்டு. ஒருவர் எல்லாம் போய்விட்டது என்பார், இன்னொருவர் எல்லாம் இருக்கிறது என்பார். இரண்டு பேருக்கும் அவரவர் ஆசைதான் சாட்சி. நான் இருவரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, போனில் ஒலிப்பதிவைத் தொடங்கித் தலையணை ஓரம் வைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். முகத்தைப் பார்த்தால் பரிதாபம் வந்து காதை அடைத்துவிடும்.

"டீச்சர், வணக்கம்."

"சரி" என்றார்.

அதிலேயே பாதி விஷயம் வந்துவிட்டது. சகரம் கூர்மையாக, ரி சுத்தமாகச் சுண்டி வந்தது. நாக்கு பலவீனமாகி வரும் குளறல் இப்படி இருக்காது. அதில் சொல்லுக்குத் தகுந்த சலுகை கிடையாது. எல்லாச் சொல்லும் ஒரே மாதிரிதான் கெடும், வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுவதைப் போல. மூக்கால் ஒழுகும், அல்லது மூச்சுப் போதாமல் கடைசியில் தேயும். வணக்கம் சொன்னாலும் வசை சொன்னாலும் அதே சேறுதான். இந்த அம்மாவின் குரலில் சேறே இல்லை. கண்ணைத் திறந்து, இருமச் சொன்னேன், முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக இருமினார், கணீரென்று இருந்தது. தண்ணீர் ஒரு கரண்டி கொடுத்தேன், சிந்தாமல் விழுங்கி, உதட்டோரத்தை நாக்கால் துடைத்துக்கொண்டார். அதே நாக்கை நீட்டச் சொன்னபோது அது வாய்க்குள் இப்படியும் அப்படியும் புரண்டு வழி தேடியதே தவிர வெளியே வரவில்லை.

"என்கூட எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு..."

மூன்றில் சேர்ந்துகொண்டார். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு என்று அருவி மாதிரி வந்தது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் நிறுத்திவிட்டு, "இப்ப ஏழுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

வரவில்லை. உதடு குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது. ஏதோ ஒரு ஒலி வந்தது. அதுவல்ல என்று அவருக்கே தெரிந்து தலையை ஆட்டினார். இன்னொரு ஒலி. கடைசியில் "சரி" என்று விழுந்தது. அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஒருத்தி டிரிப் ஊசியைச் சரிசெய்ய இடது கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"சனியனே" என்றார் டீச்சர். அட்சர சுத்தமாக.

வார்டில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தானாக வழுக்கி வருவது வரும், வேண்டுமென்று சொல்லப் போனால் வராது. நாக்குக்குப் பலம் இருக்கிறது, ஆனால் எந்த ஒலிக்கு எங்கே போக வேண்டும் என்ற திட்டத்தை மூளை வகுத்துக் கொடுக்க மறுக்கிறது. ஆகவே சீட்டில் எழுதியிருந்த குளறலை மனதுக்குள் அடித்தாயிற்று.

ஆனால் சர்ஜன் கேட்டது அதையல்ல. திட்டம் மட்டும் உடைந்திருந்தால், உள்ளே மொழி முழுசாக உட்கார்ந்திருக்கும். மொழியே போயிருந்தால், நாம் பேசுவது அவருக்கு வெறும் சத்தம். மொழி போனவர்களும் எண்களை ஒப்பிப்பார்கள், வைவார்கள், ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கச் சொல்வார்கள். பல பேருக்கு இரண்டும் கலந்தே உடையும். எண்ணியதும் வைததும் இங்கே உதவாது. அவருக்குப் புரிகிறதா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

எழுதச் சொல்லிப் பார்த்தேன். வலது கை அசையாது. இடது கையில் டிரிப், கட்டை வைத்துக் கட்டியிருந்தது, போதாததற்குக் காய்ச்சல் நடுக்கம். தாளில் கோழி கிளறியதைத் தவிர ஒன்றும் தேறவில்லை. பிறகு இரண்டு அட்டைகளை எடுத்தேன். ஒன்றில் ஆமாம், ஒன்றில் இல்லை. சாப்பாட்டு மேஜையை இழுத்து, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக வைத்தேன்.

"உங்களுக்கு மகன் இருக்காரா?"

"சரி." கை ஆமாம் அட்டையைத் தொட்டது.

"இது உங்க வீடா?"

ஏதேதோ முனகல், பிறகு "சரி." கை ஆமாம் அட்டையையே தொட்டது.

"நீங்க ஆம்பளையா?" ஆமாம். "இப்ப மழை பெய்யுதா?" ஆமாம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எல்லாக் கேள்விக்கும் ஆமாம். மேஜையில் பேனா, சாவி, கரண்டி, சீப்பு என்று பரப்பி ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன். பாதி சரி, பாதிக்குக் கை அந்தரத்தில் அலைந்தது.

மகன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது துக்கம் மட்டுமல்ல. கையெழுத்து தன் கைக்கு வந்துவிட்டது என்ற நிம்மதியும் இருந்தது. அதில் தப்பென்ன, அவனுக்கு அம்மா உயிரோடு வேண்டும்.

"நான் சொன்னேன்ல மேடம்."

"இன்னும் முடியல தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

போகிற வழியில் சீட்டில் எழுதிய சின்ன டாக்டர் அகப்பட்டார். புரிதல் சரி என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாங்களே மேடம். சுகர் இருக்குதானேன்னேன், சரின்னாங்க. கை வரலையான்னேன், சரின்னாங்க. கால் வலிக்குதான்னேன்..."

"ஆமான்னு பதில் வர்ற கேள்வியா பொறுக்கிப் பொறுக்கிக் கேட்டிருக்கீங்க. சுவரைக் கேட்டா அதுவும் பாஸ் ஆயிருக்கும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. நான் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் என்ன பெரிய பதில் கிடைத்துவிட்டது?

என் அறையில் கதவைச் சாத்தி, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஒலிப்பதிவைப் போட்டேன். கண்ணை மூடி, முதலிலிருந்து. இரண்டாவது தடவை கேட்டபோதுதான் பிடிபட்டது.

உங்களுக்கு மகன் இருக்காரா? கேள்வி முடிந்த கையோடு, சரி. நீங்க வண்டி ஓட்டக் கத்துக் குடுப்பீங்களா? உடனே, சரி. இது உங்க வீடா? மௌனம். ஒரு மே. ஒரு பே. ஒரு வெ. மூச்சு. அப்புறம் சரி, அதன் பின்னால் தொண்டையில் ஒரு உறுமல். நீங்க ஆம்பளையா? மறுபடி மௌனம், பே, வெ, மெ, சரி, உறுமல். மழை பெய்யுதா? அதேதான்.

ஆமாம் என்று வர வேண்டிய இடங்களில் சரி தடையில்லாமல் வந்திருக்கிறது. இல்லை, வேண்டாம் என்று வர வேண்டிய இடங்களில் எல்லாம் வாய் வேறு எதையோ தேடியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரித் தேடியிருக்கிறது. கிடைக்காமல் அந்தப் பழைய சொல்லே வந்து விழுந்திருக்கிறது. விழுந்ததும் அவருக்குக் கோபம் வந்திருக்கிறது. கேள்வி புரியாதவருக்கு எந்தக் கேள்வியில் தடுமாற வேண்டும் என்று எப்படித் தெரியும்? அவர் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கையும் சொல்லும் பொய் சொல்லின, தடுமாற்றம் மட்டும் உண்மை சொன்னது.

அப்படியென்றால் கை ஏன் ஆமாம் அட்டைக்கே போனது? மகன் சொன்னது ஞாபகம் வந்தது: கூப்பிட்டாலும் சித்தி பக்கமே பார்க்கிறாங்க. சித்தி இடப்பக்கம். ஆமாம் அட்டையும் இடப்பக்கம். பேனாவும் சாவியும் இடப்பக்கம், கரண்டியும் சீப்பும் வலப்பக்கம். இடது மூளையில் அடி விழுந்தவருக்கு வலப்பக்கப் பார்வை போயிருக்கலாம் என்பது என் தொழிலில் பாலபாடம். அதை விட்டுவிட்டுப் பார்வையில்லாத பக்கத்தில் அட்டையை வைத்து, அதை ஏன் தொடவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சின்ன டாக்டரை வறுத்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுந்து போக மனமில்லை. சர்ஜன் நேற்றுக் கால் விஷயத்தைக் கேட்டபோதும் இதே சரிதான் விழுந்திருக்கிறது. அதற்கு முன்னால் மே, பே, வெ இருந்ததா இல்லையா என்று யாரும் கவனிக்கவில்லை. இருந்திருந்தால்? ஒலிப்பதிவு என்னிடம் மட்டும் இருக்கிறது. காலையில் பார்த்ததை அப்படியே எழுதினால் போதும்: புரிதல் நம்பும்படி இல்லை. பொய்கூட இல்லை. மகன் கையெழுத்துப் போடுவான், கால் போகும், உயிர் நிற்கும். ஒரு தாளில் ஒரு வரி.

கதவைத் தட்டிக்கொண்டு மகனே வந்துவிட்டான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சர்ஜன் சாயங்காலம் ஆபரேஷன் தியேட்டர் காலியா இருக்குன்னாரு மேடம். நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கன்னா..."

"உங்கம்மாவுக்குப் புரியுதுன்னு நினைக்கிறேன் தம்பி."

அவன் கதவைச் சாத்தினான்.

"அப்பாவுக்கும் இப்படித்தான் கால் போச்சு. அப்ப அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? எனக்கு இந்த நிலைமை வந்தா விட்டுடணும், வெட்டிக் கூறு போடக் கூடாதுன்னாங்க. சும்மா பேச்சுக்குச் சொன்னதுன்னு நானும் சிரிச்சேன். இப்ப நீங்க போய்க் கேட்டா வேண்டாம்னுதான் சொல்வாங்க. எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்காதீங்கங்கறேன்."

"கேக்காம எப்படித் தம்பி?"

"காலையில ஒண்ணும் சரியாச் சொல்லலியே. அதையே எழுதுங்க. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் கேட்டதைத்தான் நானும் அவன் வருவதற்கு முந்தின நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் ஒலிப்பதிவில் அந்த உறுமலைக் கேட்டுவிட்டேன். ஒரு வாரமாக அந்த மனுஷி எதைச் சொல்ல வாயெடுத்தாலும் சரி, சரி என்று விழுகிறது. எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நாளைக்கு அதே சொல்லை வைத்து அவர் காலையும் எடுத்துவிடுவார்கள். அந்த உறுமலைக் கேட்ட பிறகு கேட்காதது மாதிரி இருக்க என்னால் முடியாது. இதில் தியாகம் எதுவும் இல்லை, என் காது அப்படிப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

"வாங்க, நீங்களும் கூட இருங்க" என்றேன்.

வார்டில் முதல் வேலையாக அவனை இடப்பக்கம் போய் நிற்கச் சொன்னேன். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனான். அம்மாவின் பார்வைக்குள் அவன் வந்த கணத்தில் அந்த முகத்தில் நடந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. இடது கை கட்டையோடு எழும்பி அவன் சட்டையைப் பிடித்தது. ஒரு வாரமாக அவன் எங்கே போய்த் தொலைந்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"அம்மா, இங்கதாம்மா இருந்தேன். அந்தப் பக்கம் இருந்தேன்" என்றான். அழுதுகொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அட்டைகளை இந்தத் தடவை இடப்பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். மகன் இருக்காரா? ஆமாம். இது உங்க வீடா? மே, பே என்று வாய் தேடிக்கொண்டிருக்கும்போதே கை இல்லை அட்டையில் போய் உட்கார்ந்துவிட்டது. அட்டைகளை மேல் கீழாக மாற்றினேன். இல்லை அட்டையையே தொட்டார். கேள்வியைத் திருப்பிப் போட்டேன், பதிலும் திரும்பியது. பேனாவைத் தொட்டுவிட்டு அப்புறம் ஜன்னலைக் காட்டுங்கள் என்றேன், காட்டினார். பச்சை விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், கிளட்சை எறும்பு மாதிரி மிதித்தவர்களுக்குக் கிடைத்த பார்வை அதுவாகத்தான் இருக்கும். கை இல்லை அட்டையைத் தட்டியது. நீளமான வாக்கியங்களில் மட்டும் கொஞ்சம் தயங்கினார், இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. மொழி என்ற வீட்டில் ஓடு சில உடைந்திருந்தன, ஆனால் வீடு நின்றது.

சர்ஜனுக்குச் சொல்லி அனுப்பினேன். கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்தார். கேள்விகளை அவரையே கேட்கச் சொன்னேன். சின்னச் சின்ன வாக்கியமாக, ஒரு தடவைக்கு ஒரு விஷயமாக. அவரும் அன்று ஸ்டூலில் உட்கார்ந்துதான் கேட்டார்.

"காலை எடுக்கலாமா?"

மே. வெ. பே. உதடு தேடிக்கொண்டே இருந்தது. கை இல்லை அட்டையைத் தொட்டது.

"காலை அப்படியே விட்டுடணுமா?"

"சரி." கை ஆமாம் அட்டையில்.

"விட்டா உயிருக்கு ஆபத்து. அது புரியுதா?"

ஆமாம்.

"எடுத்தா பிழைக்க வாய்ப்பு இருக்கு. அதுவும் புரியுதா?"

ஆமாம்.

"அப்படின்னாலும் வேண்டாமா?"

ஆமாம் அட்டையைத் தொட்ட கை அங்கேயே இருந்தது. சர்ஜன் அட்டைகளைத் தானே இடம் மாற்றி, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். ஒரு பதிலும் மாறவில்லை. மனநல மருத்துவரை வரவழைத்தார். அவரும் தனியாக உட்கார்ந்து, தன் வழியில் கேட்டுப் பார்த்தார். வெளியே வந்து, "தெளிவா இருக்காங்க" என்று மட்டும் சொன்னார். வலது கால் ஏற்கெனவே பக்கவாதத்தில் விழுந்துவிட்டது. இடதும் போனால் படுக்கைதான். அதை எங்களுக்கு முன்பே அவர் கணக்குப் போட்டுவிட்டார்.

"ஏம்மா?" என்றான் மகன். "ஏம்மா இப்படிப் பண்ற?"

அதற்கு ஆமாமும் இல்லையும் போதாது. எழுத்து அட்டையை எடுத்து வந்து இடப்பக்கம் பிடித்துக்கொண்டேன். நடுங்கும் விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடினார். நடுவில் இரண்டு தடவை தூங்கிப்போனார், இரண்டு தடவையும் விழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ப. ய. அப்புறம் மி. நான் எழுத்துகளைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல மகன் கோத்துக்கொண்டே வந்தான்.

"பயமில்ல" என்று படித்தான். கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தான்.

"எனக்கு இருக்கும்மா" என்றான்.

டீச்சர் வாயைத் திறந்தார். எதையோ சொல்லத்தான் திறந்தார். உதடு குவிந்தது, விரிந்தது, நாக்கு மேலே போய் இறங்கியது. "சரி" என்று வந்தது. அதன் பின்னால் உறுமல் வருகிறதா என்று என் காது பாட்டுக்குக் காத்திருந்தது. வரவில்லை. அப்படியென்றால் அது தேடிய சொல்லா, விழுந்த சொல்லா என்று எனக்கே தெரியவில்லை. என் படிப்பு அத்தோடு முடிந்துபோயிற்று.

என் குறிப்பை எழுதினேன். குளறல் இல்லை. மொழி இழப்பு இலேசானது. பேச்சைத் திட்டமிடுவதில் கடுமையான பாதிப்பு. புரிதல் நம்பத்தக்கது, முடிவெடுக்கத் தகுந்தவர். கையெழுத்துப் போட்டேன். இதைவிடச் சரியான குறிப்பை இத்தனை வருஷத்தில் நான் எழுதியதில்லை. அதை எழுதிய கையை அன்று முழுக்க எனக்குப் பிடிக்கவில்லை.

வலிக்கு மருந்து கொடுத்தார்கள். சர்ஜன் தினமும் வந்து, மனம் மாறியிருக்கிறதா என்று அட்டையை வைத்துக் கேட்டார். மாறவில்லை. நானும் தினமும் போனேன், எழுத்து அட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே. டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் எந்த வண்டிக்கு பிரேக் மாற்ற வேண்டும் என்று மகனுக்குச் சொன்னார். தங்கையின் மூக்குத்தி கோணலாக இருக்கிறது என்று சொன்னார். பிறகு காய்ச்சலில் விரல் அட்டைமேல் எழுத்துத் தெரியாமல் அலைய ஆரம்பித்தது. அந்த வார முடிவில் ஒரு மத்தியானம் போய்ச் சேர்ந்தார்.

மகன் மறுநாள் என் அறைக்கு வந்தான். இரவல் வாங்கிய எழுத்து அட்டையைத் துடைத்துக் கொண்டு வந்திருந்தான். மேஜையில் வைத்தான். வருத்தப்படுகிறேன் என்று சொன்னால் அவன் அம்மா சொன்னதைக் கேட்டதற்கு வருத்தப்படுவது போல் ஆகிவிடும். சொல்லாமல் விட்டால் என் நெஞ்சு தாங்காது.

"சித்தி உங்களைக் கும்பிடணும்னு சொல்றாங்க மேடம்" என்றான். "அக்கா பேச்சை நீங்க ஒருத்தர்தான் காது குடுத்துக் கேட்டீங்களாம்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் வாசலுக்குப் போய்விட்டான். கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"எங்கம்மாவுக்கு ஒண்ணும் புரியலன்னு நினைச்சப்ப, அவங்களா என்னை விட்டுட்டுப் போறாங்கன்னு நான் நினைக்க வேண்டியிருக்கல மேடம். அப்படியே இருந்திருக்கலாம்."